தமிழ் எழுத்து ஏன் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வருகிறது? கோத்தகிரி கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போனை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வருகிறார்கள். படிக்கத் தெரியாதவர்கள் இல்லை. வந்த செய்தி கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் "ஃபான்ட் பிரச்சினை" என்று ஒரே பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் எழுத்து எந்த உருவத்தில் உடைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். செய்தியை மீட்க முடியுமா, முடியாதா என்பதும் அதிலேயே தெரியும். கடையில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"தம்பி, பையன் அனுப்பின மெசேஜ் முழுக்க கட்டம் கட்டமா இருக்கு. அழிஞ்சு போச்சா?"

அழியவில்லை அம்மா. கட்டமாக வந்தால் செய்தி முழுசாக உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

போனுக்கு எழுத்து படமாக வருவதில்லை, எண்ணாக வருகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியல்தான் யூனிகோடு. அதில் தமிழுக்கு `0B80` முதல் `0BFF` வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘க’ என்றால் `0B95`, ‘ம’ என்றால் `0BAE`. போன் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருக்கும் எழுத்துருவில் அதற்குரிய உருவத்தைத் தேடும். உருவம் கிடைக்காவிட்டால் வெறும் கட்டத்தைப் போட்டு விட்டுவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவிடம் இருந்தது சின்ன பட்டன் போன். அந்தச் செய்தியை அப்படியே என் போனுக்கு ஃபார்வர்டு செய்தேன். கட்டங்கள்தான் போவது போலத் தெரிந்தது, ஆனால் என் போனில் நல்ல தமிழாக வந்தது: "சனிக்கிழமை வருகிறேன் அம்மா. மழையில் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்." திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. கட்டமாக எது வந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். வேறு போனில் தெரிந்துவிட்டால் அனுப்பியவர் மேல் தவறில்லை, உங்கள் போனில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

அதைப் போட முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பட்டன் போனில் முடியாது. தயாரிக்கும்போதே எந்தெந்த மொழியைச் சேர்த்தார்களோ அதுதான். வாங்கும் முன்பு கடையிலேயே ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். மெனு ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வரும் செய்தி தமிழில் தெரிந்தால் போதும். மிகப் பழைய ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே கதைதான். "தமிழ் ஃபான்ட்" என்று ஒரு செயலியை இறக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். அந்தச் செயலி தன் திரைக்குள் தமிழைக் காட்டுமே தவிர, மெசேஜ் திரைக்கு எழுத்துருவைக் கொடுக்க அதற்கு அனுமதி இல்லை. கம்ப்யூட்டரில் கவலையே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே `Latha` எழுத்துரு இருந்தது, விண்டோஸ் 8 முதல் `Nirmala UI` கூடவே வருகிறது.

கம்ப்யூட்டரில் சில நேரம் கட்டத்துக்குள்ளேயே பொடி எழுத்தில் எண் தெரியும். அது நல்ல தடயம். `0B` என்று தொடங்கி அடுத்தது 8, 9 அல்லது A முதல் F வரையிலான எழுத்தாக இருந்தால் தமிழ். `0D` என்றால் அநேகமாக மலையாளம், `0C` என்று தொடங்கி அடுத்தது அதேபோல இருந்தால் கன்னடம். கூடலூர், பந்தலூர் பக்கம் மூன்று மொழியிலும் செய்தி வரும் என்பதால் இதைச் சொல்கிறேன். தமிழ் என்று நினைத்து ஒருவர் கொண்டு வந்தது மலையாளச் செய்தியாக இருந்தது.

"தமிழ் நல்லாத்தான் இருக்கு. கடைசியில மட்டும் ஒரே ஒரு கட்டம் நிக்குது."

அது எழுத்தே இல்லை, புதிதாக வந்த ஏதாவது எமோஜி. உங்கள் போனின் மென்பொருள் அதற்கு முந்தையது. விட்டுவிடுங்கள்.

"எனக்குக் கட்டம் இல்லை, வெறும் கேள்விக்குறியா வந்திருக்கு. இதையும் வேற போனுக்கு அனுப்பினா தெரியுமா?"

தெரியாது. கேள்விக்குறி வந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது. உங்கள் கைக்கு வந்தது உண்மையாகவே கேள்விக்குறி என்ற எழுத்துதான். எந்தப் போனில் திறந்தாலும், எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது கேள்விக்குறியாகவே இருக்கும். அனுப்பியவரிடம் மறுபடியும் அனுப்பச் சொல்வதுதான் ஒரே வழி.

எப்படித் தொலைகிறது என்பதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இலை ஏற்றும் வண்டி வராத நாட்களை எஸ்எம்எஸ்ஸில் தெரிவிக்கச் சொன்னார்கள். பெயர், போன் நம்பர், செய்தி மூன்றையும் எக்செல்லில் அடித்தேன். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் தளம் சிஎஸ்வி கோப்பு கேட்டது, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு. `Save As` போய் `CSV (Comma delimited)` என்பதைத் தேர்ந்து சேமித்தேன். திரையில் தமிழ் அப்படியே நின்றது. நம்பி ஏற்றிவிட்டேன். "நாளை பசுந்தேயிலை எடை இல்லை" என்பதற்குப் பதிலாக எல்லோருக்கும் வரிசையாகக் கேள்விக்குறி போயிருக்கிறது. மறுநாள் விஷயம் தெரியாமல் இலையைப் பறித்து ரோட்டோரம் மூட்டை கட்டி வைத்தவர்கள் மாலை வரை நின்றார்கள். சாக்கில் அடைத்த பச்சை இலை சூடேறிச் சிவந்துபோகும், அதை எந்த ஃபாக்டரியும் எடுக்காது. ஒரு கோப்பைத் தவறாகச் சேமித்ததற்கு அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்தார்கள். அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அந்தப் பழைய சிஎஸ்வி முறை, விண்டோஸில் `ANSI` என்று பெயர் வைத்திருக்கும் ஓர் எழுத்து அட்டவணையில் சேமிக்கிறது. அதில் மொத்தமே 256 இடம். ஆங்கிலமும் ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகளும் அதில் இருக்கும். தமிழுக்கென்று அப்படி ஓர் அட்டவணையை விண்டோஸ் ஒருபோதும் வைத்திருந்ததில்லை, தமிழ் நேராக யூனிகோடில்தான் நுழைந்தது. அதனால் தமிழ் எழுத்து எண் ஒவ்வொன்றுக்கும் இடம் தெரியாமல் ஒவ்வொரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. ‘கோத்தகிரி’ என்பதற்கு சரியாக ஒன்பது கேள்விக்குறி வரும்: க, ோ, த, ், த, க, ி, ர, ி. எண்ணிக்கையை வைத்து எத்தனை எண் போனது என்று சொல்லலாம், எந்த எழுத்து என்று சொல்ல முடியாது.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சேமித்த பிறகும் எக்செல் திரையில் தமிழ் தெரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் நாம் பார்ப்பது நினைவகத்தில் இருப்பதை, வட்டில் விழுந்ததை அல்ல. மூடிவிட்டுத் திறந்தால்தான் உண்மை தெரியும். அதற்குள் அசல் போயிருக்கும்.

அதனால் நான் இப்போது செய்வது: முதலில் சாதாரண எக்செல் கோப்பாக ஒரு பிரதி. அப்புறம் `CSV UTF-8 (Comma delimited)` என்று தனியாக இருக்கும் முறையில் இன்னொரு பிரதி. அதை மூடி, நோட்பேடில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பிறகு எஸ்எம்எஸ் தளத்தில் செய்தி வகை யூனிகோடு என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோப்பு சரியாக இருந்து, அங்கே சாதாரண ஆங்கிலச் செய்தி என்ற வகை தேர்வாகியிருந்தாலும் இதே கேள்விக்குறிதான் வரும். கடைசியாக, மற்றவர்களுக்கு அனுப்பும் முன்பு என் நம்பருக்கும் ஒரு பட்டன் போன் நம்பருக்கும் மட்டும் அனுப்பிப் பார்க்கிறேன்.

"கேள்விக்குறியும் இல்லை, கட்டமும் இல்லை. à®¤à®®à®¿ன்னு என்னமோ பிரெஞ்சு மாதிரி வருது. இது என்ன மொழி?"

அது தமிழேதான். `à®` அல்லது `à¯` மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சந்தேகமே வேண்டாம். கோப்பைச் சரியாகச் சேமித்திருக்கிறார்கள், திறப்பவர் தவறான அட்டவணையை வைத்துத் திறந்திருக்கிறார். மேலே சொன்ன என் கதைக்கு நேர் எதிர்.

யூனிகோடு எண்ணைக் கோப்பில் எழுதிவைக்க இன்று எல்லோரும் பயன்படுத்தும் முறைக்கு `UTF-8` என்று பெயர். அந்த முறையில் ஒரு தமிழ் எண்ணுக்கு மூன்று பைட் ஆகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, ி, ழ, ் என்று ஐந்து எண்கள் உள்ளன. கோப்பில் இப்படிக் கிடக்கும்:

```
த  E0 AE A4
ம  E0 AE AE
ி   E0 AE BF
ழ  E0 AE B4
்   E0 AF 8D
```

எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. பழைய ஐரோப்பிய அட்டவணையில் `E0` என்றால் à, `AE` என்றால் ®, `AF` என்றால் ¯. மூன்று பைட்டையும் ஒரே எழுத்தாகச் சேர்த்துப் படிக்காமல் தனித்தனியாகப் படித்ததால் ஒரு எழுத்து மூன்றாகச் சிதறிவிட்டது.

சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து இப்படி வந்தால், எதையும் சேமிக்காமல் மூடுங்கள். இதுதான் முக்கியம், அந்த நிலையில் சேமித்துவிட்டால் குப்பையே அசலாகிவிடும். வெற்று எக்செல்லைத் திறந்து `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாக அந்தக் கோப்பைக் கொண்டு வாருங்கள். `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்று மாற்றினால் தமிழ் வந்து நிற்கும்.

கோப்பு இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த சிதறிய வரிகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றால் கொஞ்சம் சிரமம். அந்த வரிகளை நோட்பேடில் ஒட்டி `ANSI` என்று சேமியுங்கள். பிறகு `File`, `Open` போய், கீழே உள்ள `Encoding` என்பதில் `UTF-8` என்று தேர்ந்து அதே கோப்பைத் திறங்கள். பெரும்பாலான எழுத்து திரும்பி வரும்.

பெரும்பாலான என்று சொல்லக் காரணம் இருக்கிறது. புள்ளியின் மூன்றாவது பைட் `8D`. அந்தப் பழைய அட்டவணையில் அதற்கு எழுத்தே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடமாகக் கிடக்கும். காப்பி செய்து ஒட்டும்போது பல செயலிகள் அதைத் தேவையில்லாதது என்று வெட்டிவிடுகின்றன. இதே கதி உகரக் குறிக்கும், ஏ, ஐ என்ற இரண்டு உயிரெழுத்துக்கும் உண்டு. அதனால் மீட்ட வரியில் இடையிடையே கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறி, `�` இப்படி நிற்கும். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்தால் நிரப்பிவிடலாம். சொல்லுக்கு நடுவிலோ கடைசியிலோ நின்றால் அது புள்ளியாகவோ உகரமாகவோ இருக்கும், சொல்லின் முதலில் நின்றால் ஏ அல்லது ஐ. ‘குன்னூர்’ என்ற ஊர்ப்பெயரில் உகரமும் இரண்டு புள்ளியும் போய்விட்டால்கூட நம் ஊர்க்காரர் யாரும் படித்துவிடுவார்.

"ஹட்டன்ல இருக்கிற சித்தப்பா பையன் அனுப்பின கடிதம் tzf;fk;னு ஆரம்பிக்குது. ரகசிய எழுத்தா?"

ரகசியம் இல்லை, ‘வணக்கம்’ என்று எழுதியிருக்கிறார். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் அது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தான பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இன்றும் அந்தப் பக்கத்தில் சொந்தம் இருக்கிறது. இலங்கைத் தமிழர்களிடம் பாமினி நெடுங்காலம் புழங்கிய எழுத்துரு என்பதால் இந்தக் கேள்வி எங்கள் கடைக்கு அடிக்கடி வரும்.

யூனிகோடு பரவுவதற்கு முன்பு கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் ஆங்கில எழுத்தின் உருவத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினியில் `m` அடித்தால் திரையில் அ தெரியும், `k` அடித்தால் ம, `;` அடித்தால் புள்ளி, `h` அடித்தால் கால். ஆக, `mk;kh` என்றால் அம்மா. பார்ப்பதற்குத் தமிழ், கோப்புக்குள் ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத போனுக்குப் போனதும் வேஷம் கலைந்து ஆங்கிலம் வெளியே தெரிகிறது.

அந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார்ப்போம்:

```
md;Gs;s mk;khTf;F> ehd; eyk;.
```

இதில் `md;Gs;s` அன்புள்ள, `mk;khTf;F` அம்மாவுக்கு, `>` என்பது காற்புள்ளி, `ehd;` நான், `eyk;` நலம். "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம்." இரண்டே நிமிடத்தில் படித்துக் காட்டியபோது அந்தக் குடும்பத்தார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நீளமான கடிதம் என்றால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒட்டினால் மாற்றித் தரும். ஆனால் மாற்றிய பிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, ‘ர்’. பாமினியில் அதைக் கால் போட்டுப் புள்ளி வைத்துத்தான் அடிப்பார்கள், ‘குன்னூர்’ என்பது `Fd;D}h;`. கவனமில்லாத மாற்றி அதைக் கால், புள்ளி என்று தனித்தனியாகவே மாற்றி ‘குன்னூா்’ என்று தந்துவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது. இன்னொன்று, கடிதத்துக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரியும். மாற்றி அவற்றையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். அந்த இடங்களை அசலைப் பார்த்துத் திரும்ப அடியுங்கள். எண்கள் அப்படியே இருக்கும், போன் நம்பருக்குப் பயமில்லை.

வேர்டு கோப்பாக வந்தால் இன்னும் எளிது. எழுத்தின்மேல் கர்சரை வைத்தால் மேலே எழுத்துருவின் பெயர் தெரியும், அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். அதைப் பார்க்காமல் மாற்றியைத் தேடாதீர்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் நெடுநாள் புழங்கிய வானவில் எழுத்துருவுக்கு அட்டவணை வேறு. பாமினி மாற்றியில் அதைப் போட்டால் ஒரு குப்பை இன்னொரு குப்பையாகும்.

"நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ. யூனிகோடுன்னா கைப்பழக்கத்தை எல்லாம் மறக்கணுமா?"

வேண்டாம் அக்கா. விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்பது விசைப்பலகை. தட்டிய பிறகு கோப்புக்குள் எந்த எண் போய் விழுகிறது என்பது குறியீடு. பாமினி காலத்தில் இரண்டும் ஒன்றாக ஒட்டிக் கிடந்ததால் டைப்ரைட்டர் முறை என்றாலே பழைய எழுத்துரு என்று ஆகிவிட்டது. என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற மென்பொருள்களில் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே தட்டலாம், கோப்பில் யூனிகோடு விழும். உங்கள் விரல் பழகிய இடத்திலேயே இருக்கட்டும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள் என்பேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. பல இடங்களில் புள்ளி தானாகச் சேர்வதால் விசை குறைவாகத் தட்டினால் போதும்.

நீங்கள் அடித்தது எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், ஒரு வரியைத் தேர்ந்து எழுத்துருவை `Arial` என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு, யாருக்கும் தைரியமாக அனுப்பலாம். ஆங்கிலமாக மாறினால் பழைய எழுத்துரு, அனுப்பாதீர்கள்.

"பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி குரூப்ல போட்டேன். கொம்பெல்லாம் முன்னாடி தனியா நிக்குது."

‘கோத்தகிரி’ என்பது ‘ேகாத்தகிரி’ என்று வந்திருக்கும், முதலில் ஒரு புள்ளி வட்டத்தோடு. நாம் காகிதத்தில் கொம்பை முதலில் போட்டு அப்புறம் க எழுதுகிறோம். யூனிகோடில் வரிசை வேறு: உச்சரிப்புப்படி முதலில் க, பிறகு கொம்பு. திரையில் வரையும்போதுதான் கொம்பு முன்னால் நகர்கிறது. பிடிஎஃப் என்பது அச்சுக்குப் போகும் பக்கம். அதற்குத் தெரிந்தது உருவங்களும் அவற்றின் இடமும். பல பிடிஎஃப்களில் காப்பி செய்யும்போது உருவங்கள் இடமிருந்து வலமாக அப்படியே வந்துவிடுகின்றன, கொம்பு க-வுக்கு முன்னாலேயே மாட்டிக்கொள்கிறது. புள்ளி வட்டம் என்பது "இந்தக் குறிக்குச் சொந்தமான எழுத்து எனக்கு முன்னால் இல்லை" என்று போன் சொல்வது.

நாலு வரி என்றால் திரும்ப அடிப்பதே வேகம், அல்லது பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிடுங்கள். பல பக்கம் என்றால் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒட்டி, தேடி மாற்றும் பெட்டியில் `Regular expressions` என்பதைத் தேர்ந்து, முதல் வரியைத் தேடும் இடத்திலும் இரண்டாவதை மாற்றும் இடத்திலும் கொடுங்கள்:

```
([\u0BC6-\u0BC8])([\u0B95-\u0BB9])
$2$1
```

ெ, ே, ை மூன்றில் எது எழுத்துக்கு முன்னால் இருந்தாலும் அந்த எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். ‘ேகாைவ’ ‘கோவை’ ஆகிவிடும். ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். ஏற்கெனவே சரியாக இருக்கும் தமிழில் ஓட்டினால் ‘கெட’ என்பதில் உள்ள கொம்பைப் பிடுங்கி அடுத்த எழுத்தில் மாட்டி, நல்லதைக் கெடுத்துவிடும். அதனால் உடைந்த பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டு மாற்றுங்கள். க்ஷ வரும் சொற்களைக் கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எஸ்எம்எஸ் ரெண்டு மூணு துண்டா வருது. ரெண்டாவது துண்டு புள்ளி வட்டத்தோட ஆரம்பிக்குது."

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 140 பைட்தான் அடங்கும். ஆங்கிலத்தை ஏழு ஏழு பிட்டாக நெருக்கி அடைத்தால் 160 எழுத்து. தமிழ் ஒரு எழுத்து கலந்தாலும் செய்தி முழுவதும் எண்ணுக்கு இரண்டு பைட் என்ற முறைக்கு மாறிவிடும், அப்போது 70தான். அதுவும் நாம் எண்ணும் எழுத்து 70 இல்லை. ‘பசுந்தேயிலை’ நமக்கு ஆறு எழுத்து. போனுக்கு ப, ச, ு, ந, ், த, ே, ய, ி, ல, ை என்று பதினொன்று.

70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால் ஒவ்வொன்றுக்கும் 67தான் மிஞ்சும். நல்ல போன்கள் சேர்த்து ஒரே செய்தியாகக் காட்டும். சேர்க்கத் தெரியாத போனில், அல்லது மலையில் சிக்னல் போய் முதல் துண்டு தாமதமாக வரும்போது, வெட்டு த-வுக்கும் ஏகாரக் கொம்புக்கும் நடுவில் விழுந்திருந்தால் இரண்டாவது துண்டு அநாதைக் கொம்போடு தொடங்கும். அதுதான் நீங்கள் பார்த்த புள்ளி வட்டம். செய்தியில் கோளாறு ஒன்றும் இல்லை, துண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்துக்கொள்ளலாம். அனுப்புகிறவர் 70க்குள் முடித்தால் இந்தத் தொல்லையே வராது.

"சரி, எங்க அம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அதுல கட்டம்தான் வருது. அவங்களுக்கு எப்படித்தான் அனுப்பறது?"

அம்மாவுக்கு ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியும் என்றால் தமிழையே ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். `naalai ilai edai illai` என்பதுபோலச் சின்னச் சின்னச் சொற்களாக. இது எந்தப் போனிலும் உடையாது, 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகும். எங்கள் விவசாயிகள் குழுவில் பெயர்களுக்கு நேரே ஒரு பத்தி சேர்த்து, யார் போனில் தமிழ் தெரியும், யார் போனில் தெரியாது என்று ஒருமுறை கேட்டுக் குறித்துவைத்தோம். தெரியாதவர்களுக்கு ஆங்கில எழுத்தில் தனிப் பட்டியல் போகிறது. இரண்டும் படிக்க முடியாத வயதானவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். வண்டி வராது என்றால் முந்தின நாள் சாயங்காலம் அவர்களுக்குக் கடையிலிருந்து நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.